கல்யாணத்துக்கு 90 நாள்தான் இருக்கா? முகத்துல புது க்ரீம் போட கடைசி தேதி எது தெரியுமா?

மண்டபம் புக் பண்ணியாச்சு, பட்டுப்புடவை எடுத்தாச்சு, பத்திரிகையும் அடிச்சாச்சு. அதுக்கு அப்புறம்தான் பல வீடுகளில் முகத்தைப் பற்றிய பேச்சே ஆரம்பிக்கும். 'இந்த ஃபேஷியல் போட்டா பளிச்னு ஆகிடுவே' என்று அத்தை சொல்வார். 'இந்த சீரம் சூப்பரா வேலை செய்யுது' என்று தோழி ஒரு பாட்டிலைக் கையில் கொடுப்பார். கல்யாணத்துக்கு பத்து நாள் இருக்கும்போது இது எல்லாத்தையும் சேர்த்துப் போட்டு, முகம் சிவந்து, தோல் உரிந்து, மேக்கப் ஆர்ட்டிஸ்ட் தலையில் கை வைக்கும் நிலைமைக்கு வந்தவர்கள் பலர்.

இதில் பிரச்னை பெரும்பாலும் பொருளில் இல்லை, தேதியில்தான். அதே சீரத்தை இரண்டு மாதம் முன்னாடி போட்டிருந்தால், ஒத்துக்கலைன்னா தூக்கிப் போட்டுட்டு நிம்மதியா இருந்திருக்கலாம். அப்போ எதை எப்போ ஆரம்பிக்கணும்? எப்போ நிறுத்தணும்? புதுசா ஒன்றை ட்ரை பண்ண கடைசி நாள் எது? மணமகள், மணமகன் இரண்டு பேருக்குமான கணக்கை இங்கே பார்க்கலாம்.

ஏன் மூன்று மாதம்?

புதுசா ஒரு க்ரீம் போட்டு ரெண்டு நாள் ஒண்ணும் ஆகலைன்னா, 'எனக்கு செட் ஆயிடுச்சு' என்று நினைத்துவிடுகிறோம். தோல் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லாது.

எரிச்சல் என்பது வேறு, அலர்ஜி என்பது வேறு. எரிச்சல் போட்ட சில நிமிடங்களிலோ, ஒன்றிரண்டு நாளிலோ தெரிந்துவிடும். அலர்ஜி அப்படி இல்லை. உடம்பு ஒரு பொருளை முதல் முறையாகப் பார்த்து, அதை எதிரியாக முடிவு செய்யவே பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகலாம். அதனால்தான் ஒரு வாரம் நல்லா இருந்த க்ரீம், இரண்டாவது வாரத்தில் அரிப்பைக் கிளப்பும்.

அப்படி வந்த அலர்ஜி அடங்க இன்னும் இரண்டு, மூன்று வாரம் வேண்டும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. நம்ம ஊர் மாநிறத் தோலுக்கு இன்னொரு குணம் இருக்கு. தடிப்போ பருவோ ஆறிய இடத்தில் கருமை தங்கிவிடும். அந்தக் கருமை மங்க பல வாரங்கள், சில நேரம் பல மாதங்கள் ஆகும்.

ஆக, தெரிய இரண்டு வாரம், ஆற இரண்டு மூன்று வாரம். இதைக் கூட்டிப் பார்த்தாலே, கல்யாணத்துக்கு முந்தைய கடைசி 30 நாளில் புதுசா எதையும் தொடக்கூடாது என்பது புரிந்துவிடும். முதல் 60 நாள்தான் சோதனைக் காலம். கடைசி 30 நாள், ஏற்கெனவே ஒத்துக்கொண்டதை மட்டும் தொடரும் காலம்.

ஒரு கல்யாணத் தேதியை வைத்துப் பார்ப்போமா?

தை மாதத்தில், ஜனவரி 30-ந் தேதி முகூர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் நவம்பர் 1 என்பது 90 நாள் முன்பு. டிசம்பர் 1 என்பது 60 நாள் முன்பு. டிசம்பர் 31 என்பது 30 நாள் முன்பு. இந்த மூன்று தேதிகளையும் காலண்டரில் வட்டம் போட்டுக்கோங்க.

மணமகளுக்கு எண்ணெய் வழியும் சருமம், தாடையில் அடிக்கடி பரு, கன்னத்தில் பழைய பருவின் கருப்புத் தழும்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்க்ரீன் ஏற்கெனவே ஒத்துப்போகுது. அவர் என்ன செய்யலாம்?

நவம்பர்: மெதுவா வேலை செய்வதை முதலில் ஆரம்பிங்க

பருவுக்கான மருந்துகள் முழுப் பலன் தர 8 முதல் 12 வாரம் ஆகும். அதனால் முதல் வாரத்திலேயே தோல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். டிசம்பர் கடைசியில் போய் 'டாக்டர், ஒரு மாசத்துல சரியாகணும்' என்றால் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

மருத்துவர் அடாபலீன் போன்ற ஒரு ஜெல் எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவில், காய்ந்த முகத்தில், முகம் முழுக்க சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பது போல் வைப்பதில் பயனில்லை. ஆரம்பத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, பிறகு தினமும் போடச் சொல்வார்கள். முதல் இரண்டு முதல் நான்கு வாரம் தோல் வறண்டு உரியலாம், பரு கொஞ்சம் அதிகமாகக்கூட தெரியலாம். பல பேர் இந்த இடத்தில்தான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நவம்பரில் ஆரம்பித்திருந்தால் இந்தக் கட்டம் டிசம்பர் முதல் வாரத்துக்குள் தாண்டிவிடும். இதையே ஜனவரியில் ஆரம்பித்தால், உரியும் முகத்தோடுதான் மணமேடையில் உட்கார வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை வெட்கப்படாமல் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். கல்யாணம் ஆன உடனே குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா என்பதுதான் அது. அடாபலீன் வகை ஜெல்களை கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்வார்கள். பருவுக்காக வாயில் போடும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். அது கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கக்கூடியது. மாத்திரை சாப்பிடும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் ஆகவே கூடாது. யாரோ சாப்பிட்டு நல்லா இருந்துச்சு என்று கேட்டு வாங்கிச் சாப்பிடும் மாத்திரை இது இல்லை.

மெடிக்கல்ல வாங்கின 'வெள்ளையாக்கும் க்ரீம்' போடுறீங்களா?

மருத்துவரிடம் போகும்போது, இதுவரை முகத்தில் போட்ட எல்லா ட்யூப்பையும் ஒரு கவரில் போட்டு எடுத்துட்டுப் போங்க. காரணம் இருக்கு. ஒரு வாரத்தில் முகத்தைப் பளிச்சென்று மாற்றும் பல ட்யூப்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். லேபிளில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டுதான். மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத இந்த வகை க்ரீம்கள், நடைமுறையில் சோப்பு மாதிரி கேட்ட உடனே கிடைக்கின்றன.

இதைப் பல வாரம் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துவிடும். சின்னச் சின்ன சிவப்பு நரம்புகள் தெரியும், முகத்தில் முடி வளரும், பரு கொத்தாக வரும், வெயிலில் போனால் எரியும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் சிவந்து எரிய ஆரம்பிக்கும். 'போட்டா நல்லா இருக்கு, விட்டா மோசமாகுது' என்பதுதான் இதைக் கண்டுபிடிக்கும் அடையாளம். இதிலிருந்து மீள சிலருக்கு மூன்று மாதத்துக்கு மேலேயும் ஆகும். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னாடி நீங்களே திடீரென்று நிறுத்துவதும் ஆபத்துதான். அதனால் தெரிந்த அன்றைக்கே மருத்துவரிடம் போய், அவர் சொல்கிற முறையில் விடுவதுதான் வழி.

தயாரிப்பாளர் பெயரும், உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரமும் இல்லாத டப்பா க்ரீம்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் பாதரசம் இருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த சிலரை மருத்துவர்கள் பரிசோதித்தபோது, அவர்கள் பயன்படுத்திய இந்த மாதிரி க்ரீம்கள் மேல்தான் சந்தேகம் விழுந்தது.

டிசம்பர்: புதுசை ட்ரை பண்ண சரியான நேரம்

நம்ம மணமகளுக்கு ஒரு வைட்டமின் சி சீரம் போட ஆசை. டிசம்பர் 1-ந் தேதி வாங்குகிறார். நேரா முகத்தில் போடக் கூடாது.

முழங்கை மடிப்பின் உள்பக்கம், ஒரு நாணயம் அளவு இடத்தில், காலை, இரவு என இரண்டு வேளை போட வேண்டும். 7 முதல் 10 நாள் வரை தொடர வேண்டும். கழுவிவிடக் கூடிய பொருளாக இருந்தால், முகத்தில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் மட்டும் வைத்துக் கழுவலாம். 'நேத்து ராத்திரி கையில தடவினேன், காலையில ஒண்ணும் ஆகலை' என்பது பேட்ச் டெஸ்ட்டே கிடையாது.

அவருக்கு ஆறாவது நாள் அந்த இடத்தில் அரிப்பும், சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகளும் வந்தன என்று வைத்துக்கொள்வோம். சீரம் குப்பைக்குப் போகும். நஷ்டம் அந்த பாட்டிலின் விலை மட்டும்தான். கையின் உள்பக்கம் இருக்கும் ஒரு நாணய அளவு தடிப்பு, கல்யாண ஆல்பத்தில் தெரியப் போவதில்லை.

ஒன்றும் வராமல் இருந்திருந்தால், டிசம்பர் 10-ந் தேதி முகத்தில் ஆரம்பித்து, இரண்டு வாரம் அதை மட்டுமே கவனித்திருக்கலாம். அந்த இரண்டு வாரத்தில் வேறு புதுப் பொருள் எதுவும் சேரக் கூடாது. இரண்டை ஒன்றாக ஆரம்பித்தால், அரிப்பு வந்தால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கணக்கில் ஒரு பொருளுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. முதல் 60 நாளில் இரண்டு புதுப் பொருளுக்குத்தான் இடம் இருக்கு. அதனால் உண்மையிலேயே தேவையானதை மட்டும் தேர்ந்தெடுங்க.

பார்லர் விஷயமும் இதே கணக்குதான். இதுவரை ப்ளீச் பண்ணாதவர், வேக்ஸிங் செய்யாதவர், புது ஃபேஷியல் போட நினைப்பவர் எல்லாருமே டிசம்பருக்குள் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். அடாபலீன் மாதிரி ஜெல் போடுபவர்கள் அதை பார்லரில் கட்டாயம் சொல்லணும். ஜெல் போட்ட தோலில் வேக்ஸிங் செய்தால், முடியோடு சேர்ந்து மேல்தோலும் உரிந்து வந்துவிடும். முகத்தில் வேக்ஸிங் செய்வதற்கு ஒரு வாரம் முன்பே ஜெல்லை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கோங்க.

மேக்கப் ட்ரையலையும் பேட்ச் டெஸ்ட்டாக மாற்றுவது எப்படி?

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் மேக்கப் ட்ரையல் வைத்துக்கொள்ளுங்கள். பல பேர் ட்ரையல் முடிந்ததும் ஒரு செல்ஃபி எடுத்துட்டு முகத்தைக் கழுவிவிடுவார்கள். கல்யாணத்தன்று விடியற்காலையில் போட்ட மேக்கப் மதியம் வரைக்கும் இருக்கணும். அதனால் ட்ரையல் மேக்கப்பையும் ஆறு மணி நேரமாவது வைத்திருந்து பாருங்க. வெயில் வெளிச்சத்தில் ஒரு போட்டோ, ஃப்ளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுங்க. ஃப்ளாஷில் முகம் மட்டும் வெள்ளையாகவும் கழுத்து வேறு நிறமாகவும் தெரிந்தால், மாற்ற இன்னும் நேரம் இருக்கு.

பயன்படுத்திய ஃபவுண்டேஷன், செட்டிங் ஸ்ப்ரே, செயற்கை இமை ஒட்டும் பசை என எல்லாவற்றின் பெயரையும் கேட்டு எழுதி வைத்துக்கோங்க. கல்யாணத்தன்றும் அதே பொருள்தான் வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்க. அடுத்த மூன்று, நான்கு நாள் கண் இமை, நெற்றி, காது மடலைக் கவனிங்க. அரிப்பு வந்தால் ஆர்ட்டிஸ்ட்டிடம் மாற்றுப் பொருள் கேட்கலாம்.

பொட்டு, குங்குமத்தையும் விட்டுவிடாதீங்க. ஸ்டிக்கர் பொட்டின் பசையாலோ, சாயம் கலந்த குங்குமத்தாலோ நெற்றியில் அலர்ஜி வருபவர்கள் நம்மிடம் நிறைய பேர். வகிட்டில் வைக்கப் போகும் குங்குமத்தையும் கையில் சோதித்துவிடுங்க.

டிசம்பர் 31: கதவைச் சாத்தும் நாள்

இன்றோடு புதுப் பொருளுக்கு முற்றுப்புள்ளி. ஜனவரி 5-ந் தேதி யாராவது ஃபேஸ் மாஸ்க் பரிசு கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கி வைத்துட்டு பிப்ரவரியில் பிரிச்சுக்கலாம். ஏற்கெனவே போடும் க்ரீமில் 'புது ஃபார்முலா' என்று எழுதிய பேக் வந்தால், அதுவும் புதுப் பொருள்தான். அதனால் பழக்கமானதை முன்கூட்டியே ஒன்று அதிகமாக வாங்கி வைத்துக்கோங்க. பீல் மாதிரி தோலை உரிக்கும் சிகிச்சைகளையும் இந்தத் தேதிக்குப் பிறகு வைக்க வேண்டாம்.

ஜனவரியில் உங்களுக்கு இருக்கும் முக்கியமான வேலை சன்ஸ்க்ரீன்தான். பத்திரிகை வைக்க ஊர் ஊராக பைக்கில் அலைவதும், நகைக்கடை, டெய்லர் என்று சுற்றுவதும் இந்த மாதத்தில்தான். வெயில் பட்டால், மங்கிக் கொண்டிருக்கும் தழும்பு மறுபடி கருக்கும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்க்ரீனை, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால் அதுதான் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடணும்.

மாப்பிள்ளைக்கு என்ன கணக்கு?

மாப்பிள்ளைகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். ஒன்று ஷேவிங். தினமும் ட்ரிம்மர் போடுபவர், கல்யாணத்துக்கு முதல் நாள் ரேஸரில் மழித்தால் கழுத்தில் சின்னச் சின்ன கொப்புளம் வரலாம். எந்த லுக் என்பதை டிசம்பரிலேயே முடிவு செய்து, அதே முறையில் இரண்டு மூன்று முறை செய்து பார்த்துவிடுங்க. முடிவெட்டை ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டால், ஓரம் சரி செய்ய நேரம் இருக்கும்.

இன்னொன்று டை. தலைமுடி டை, தாடி டை இரண்டிலும் பாரா-பினிலீன்டையமைன் என்ற ரசாயனம் இருப்பது வழக்கம். இதற்கு அலர்ஜி இருந்தால் முகமே வீங்கிவிடும். 'போன தடவை ஒண்ணும் ஆகலையே' என்பது உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் துளி வைத்துப் பார்க்கணும். முன்பு எப்போதாவது கருப்பு மெஹந்தி போட்டு அரிப்பு வந்திருந்தால், டை பக்கமே போகாமல் மருத்துவரைக் கேளுங்க.

கடைசி வாரம் எப்படி இருக்கணும்?

பழகிய ஃபேஷியலாக இருந்தாலும் ஜனவரி 20-ந் தேதிக்குள் முடித்துவிடுங்கள். கை, கால் வேக்ஸிங்கும் புருவத் த்ரெட்டிங்கும் 26, 27-ந் தேதிகளில் வைத்தால், சிவப்பு அடங்க நேரம் கிடைக்கும்.

மெஹந்தி 28-ந் தேதி. உண்மையான மருதாணி, காய்ந்து உதிர்த்ததும் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். அது செங்காவி நிறமாக ஆழமாக ஒன்று, இரண்டு நாள் ஆகும். வைத்த ஒரு மணி நேரத்திலேயே கன்னங்கரேல் என்று பிடித்தால் சந்தேகப்படுங்க. டையில் இருக்கும் அதே ரசாயனம் அதிலும் கலந்திருக்கலாம். கோனை முன்பே வாங்கி, டிசம்பரிலேயே கையில் சோதிப்பதைவிட, யார் எதைக் கலந்து செய்தது என்று தெரிந்த மருதாணியை வாங்குவதுதான் பாதுகாப்பு. ஏனென்றால் ஒரு கோனில் ஒத்துக்கொண்டது அடுத்த கோனிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

நலங்கில் மஞ்சள் பூசும்போது, வீட்டில் எப்போதும் பயன்படுத்தும் மஞ்சளையே கொடுத்துவிடுங்க. 'கஸ்தூரி மஞ்சள் ஸ்பெஷல்' என்று அன்றைக்குப் புதுசா ஒன்றைப் பிரிக்க வேண்டாம். நலங்கு மாவை முகத்தில் அழுத்தித் தேய்க்காமல் மெதுவாகப் பூசிக் கழுவினால் போதும்.

இவ்வளவு பார்த்தும் கடைசி நேரத்துல பரு வந்துட்டா?

கிள்ளாதீங்க. கிள்ளிய பரு புண்ணாகும், மேக்கப் அதன் மேல் நிற்காது. கிள்ளாத பருவை கன்சீலர் மறைத்துவிடும். ஆழத்தில் வலிக்கும் பெரிய கட்டியாக இருந்தால், தோல் மருத்துவர் அதற்குள் சின்ன ஊசி போட்டு அமுக்க முடியும். அதற்கு இரண்டு, மூன்று நாளாவது வேண்டும். சிலருக்கு அந்த இடம் தற்காலிகமாகக் குழி விழலாம் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்க.

முகம் முழுக்க சிவந்து அரித்தால், போடுகிற எல்லாவற்றையும் நிறுத்திடுங்க. வெறும் தண்ணீரில் கழுவி, பழகிய மாய்ஸ்சரைசரை மட்டும் போட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்க. வீட்டில் மிச்சம் இருக்கும் படை, சொறி க்ரீமை எடுத்துத் தடவ வேண்டாம். உதடு, கண் வீங்கி மூச்சு விட சிரமமாக இருந்தால், அது அழகுப் பிரச்னை இல்லை. உடனே 108-க்கு அழைக்கணும்.

உங்க முகூர்த்தத் தேதி வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். காலண்டரை எடுத்து, கல்யாணத் தேதியிலிருந்து 30 நாள் பின்னாடி எண்ணி அந்தத் தேதியில் வட்டம் போடுங்க. அதற்கு அப்புறம் வீட்டுக்கு வரும் எந்தப் புது டப்பாவும் தாலி கட்டி முடிந்த பிறகுதான் திறக்கணும்.